பணிக்கொடை கையில், வீட்டுக்கடன் பாக்கியில்: ஓய்வுபெறுபவர் போட வேண்டிய கணக்கு

(ஓய்வுபெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வுபெறும் மாதத்தில் என் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்விதான். "சார், கையில் மொத்தமாகப் பணம் வருது. வீட்டுக்கடன் பாக்கி இருக்கு. அடைச்சிடட்டுமா, இல்லை டெபாசிட்டில் போட்டுட்டு வர்ற வட்டியில தவணையைக் கட்டிக்கிட்டுப் போகட்டுமா?"

இந்தக் கேள்வியின் இரண்டாவது பாதியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். டெபாசிட் வட்டியில் தவணை கட்டிவிடலாம் என்ற நம்பிக்கைதான் ஓய்வூதியப் பணத்தை அதிகமாகக் கரைத்திருக்கிறது. கணக்குப் போட்டே பார்ப்போம்.

வீட்டுக்கடன் பாக்கி 12 லட்சம், வட்டி 8 சதவீதம், இன்னும் 7 ஆண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 18,700 ரூபாய். அதே 12 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுகிறார். அதன் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆனது. இன்றைய கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். மாதத்துக்கு வகுத்தால் 8,200 ரூபாய். கட்ட வேண்டியது 18,700, வருவது 8,200. மீதி 10,500 எங்கிருந்து வரும்?

கடன் வட்டியைவிட டெபாசிட் வட்டி கூடுதலாக இருந்தும் பணம் போதவில்லையே என்று குழம்ப வேண்டாம். தவணை என்பது வட்டி மட்டும் இல்லை. அந்த 18,700-இல் இந்த மாத வட்டி 8,000 தான், மற்றது அசல். டெபாசிட் உங்களுக்கு வட்டியை மட்டும் தருகிறது, கடனோ வட்டியோடு அசலையும் கேட்கிறது. சம்பளம் வந்தவரை அந்த அசலைச் சம்பளம் கட்டியது. சம்பளம் நின்ற மாதத்திலிருந்து அதை உங்கள் டெபாசிட்டின் அசல்தான் கட்ட வேண்டும். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, வட்டி வித்தியாசத்தில் லாபமே இல்லையா? இருக்கிறது. 8.2-இல் 8 போனால் 100 ரூபாய்க்கு 20 பைசா. 12 லட்சத்துக்கு முதல் ஆண்டில் அதிகபட்சம் 2,400 ரூபாய். கடன் குறையக் குறைய அதுவும் குறையும். இந்த 2,400 ரூபாய்க்காக மாதம் 18,700 கட்டும் பொறுப்பைச் சுமக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒருவருடைய முழுக் கணக்கையும் விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் 30 ஆண்டு வேலை பார்த்து 58 வயதில் ஓய்வுபெறுபவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான், ஆனால் இவரைப் போன்றவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். பி.எஃப். 30 லட்சம், பணிக்கொடை 15 லட்சம், ஆக 45 லட்சம் வருகிறது. பி.எஃப். பென்ஷன் மாதம் 4,500. இத்தனை ஆண்டு உழைத்தவருக்கு இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். அந்தப் பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பருக்கு முன் அது 6,500 ரூபாய், பிறகு 15,000. அதனால் நல்ல சம்பளம் வாங்கியவருக்கும் பென்ஷன் இந்த அளவில்தான் நிற்கும். குடும்பச் செலவு மாதம் 25,000. கடன் இரண்டு: நான் சொன்ன 12 லட்சம் வீட்டுக்கடன், மகள் திருமணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனில் பாக்கி 3 லட்சம். தனிநபர் கடனுக்கு 14 சதவீத வட்டி, 30 மாதம் மீதி, தவணை 11,900.

இவர் எதையும் அடைக்காமல் எல்லாவற்றையும் முதலீட்டில் வைக்கிறார் என்று பார்ப்போம். மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒருவருக்கு உச்சவரம்பான 30 லட்சம். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம், அதற்கு வட்டி 7.4. அவசரத்துக்கு வங்கியில் 6 லட்சம், அதற்கு ஆறரை சதவீதம் என்று வைப்போம். பென்ஷனையும் சேர்த்தால் மாத வரவு 33,800 ரூபாய். செலவோ, குடும்பத்துக்கு 25,000, இரண்டு தவணைக்கு 30,600, ஆக 55,600. ஒவ்வொரு மாதமும் 21,800 ரூபாய் குறைகிறது. தனிநபர் கடன் முடியும் வரையிலான 30 மாதத்தில் மட்டும் ஆறரை லட்சம் அசலிலிருந்து போய்விடும். இடையில் மூத்த குடிமக்கள் கணக்கை முறிக்க நேர்ந்தால், முதல் ஆண்டுக்குள் என்றால் வாங்கிய வட்டியையே திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் அசலில் ஒன்றரை சதவீதம், அதன் பிறகு ஒரு சதவீதம் பிடித்தம்.

இரண்டு கடனையும் அடைத்துவிட்டால்? 15 லட்சம் போய் 30 லட்சம் நிற்கும். அதில் 6 லட்சம் வங்கியில், 24 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில். வரவு, பென்ஷனோடு சேர்த்து 24,150. செலவு 25,000. துண்டு விழுவது 850 ரூபாய். 45 லட்சம் வைத்திருந்தவர் மாதம் 21,800 தேடுகிறார், 30 லட்சம் வைத்திருப்பவர் 850 தேடுகிறார். இந்த மனிதருக்கு என் தீர்ப்பு, தயக்கமே இல்லாமல், அடையுங்கள் என்பதுதான். விலைவாசி ஏறும்போது 850 என்பது கூடும். ஆனாலும் அசலைத் தொடாமல் முதல் சில ஆண்டுகளைக் கடக்க இது போதும்.

ஆனால் இதே கடன்களோடு 22 லட்சம் மட்டும் வாங்கிக்கொண்டு வருபவருக்கு அதே பதிலைச் சொல்ல மாட்டேன். அவர் 15 லட்சத்தை அடைத்தால் கையில் 7 லட்சம். கடனில்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மூன்று ஆண்டுக்குள் மளிகைக்குக் கைமாற்று கேட்கும் நிலை வரும். வங்கி திரும்பக் கடன் தருமே என்று நினைக்காதீர்கள். கடன் தரும்போது நாங்கள் முதலில் பார்ப்பது திருப்பிக் கட்டும் வருமானத்தை. 4,500 ரூபாய் பென்ஷனைக் காட்டி 60 வயதுக்கு மேல் புதுக்கடன் கிடைக்காது. வீட்டுக்கடனில் கட்டிய பணம் வீட்டுக்குள் போய்விட்டது. மருத்துவமனை முன்பணம் கேட்கும் இரவில் அதை எடுக்க முடியாது. அடைக்காமல் வைத்திருந்தாலும் தவணை அவரைத் தின்றுவிடும். அவருடைய சிக்கல் கடனா டெபாசிட்டா என்பதே இல்லை, அந்த வீடு அவர் வருமானத்துக்கு மிஞ்சியது என்பதுதான். தனிநபர் கடனை உடனே முடித்துவிட்டு, வீட்டுத் தவணையைச் சம்பாதிக்கும் பிள்ளை ஏற்கிறாரா, ஒரு பகுதியை வாடகைக்கு விட முடியுமா, விற்றுச் சிறிய வீட்டுக்குப் போகலாமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேசக் கூச்சமாக இருக்கும். பணம் இருக்கும்போதே பேசினால்தான் பேரம் பேசி நல்ல விலைக்கு விற்க முடியும்.

ஆகவே வட்டி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: அடைத்த பிறகு கையில் என்ன மிஞ்சும், அந்த மிச்சம் மாதம் எவ்வளவு தரும், அவசரத்துக்கு எவ்வளவு தனியாக நிற்கும். ஓராண்டுக் குடும்பச் செலவும், மருத்துவக் காப்பீடு கட்டாத பங்கைத் தாங்க ஒரு தொகையும் தனியாக நின்ற பிறகு வரும் பணம்தான் கடனுக்குப் போகலாம்.

எந்தக் கடன் முதலில் என்பதில் குழப்பமே வேண்டாம். கிரெடிட் கார்டு பாக்கி, பிறகு தனிநபர் கடன். 14 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 8.2 சதவீத டெபாசிட் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தனிநபர் கடன் பெரும்பாலும் நிலையான வட்டிக் கடன், முன்கூட்டி முடித்தால் கட்டணம் கேட்பார்கள். நம் மனிதரிடம் 3 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் கேட்டால் 10,620 ரூபாய். இப்போதே முடிப்பதால், இழக்கும் டெபாசிட் வட்டியைக் கழித்த பிறகு, இன்றைய மதிப்பில் 22,000 ரூபாய் அளவுக்கு மிச்சம். கட்டணம் போனாலும் 11,000 சொச்சம் நிற்கிறது, அதனால் முடிக்கலாம். கடைசி ஐந்தாறு மாதத்தில் இருப்பவருக்கு அந்தக் கட்டணமே லாபத்தை விழுங்கிவிடும். அவர் தவணையிலேயே முடிக்கட்டும். மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கட்டணம் வசூலிக்க ரிசர்வ் வங்கி 2012-லேயே தடை போட்டுவிட்டது, அங்கே இந்தக் கவலை இல்லை.

"கடைசிக் காலத்தில் வீட்டுக்கடனை அடைப்பதில் லாபமில்லை, வட்டியையெல்லாம் முதலிலேயே கட்டிவிட்டோம், இனி அசல்தான்" என்று சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இது தவறு. நம் மனிதர் 20 ஆண்டுக்கு வாங்கியது சுமார் 22 லட்சத்து 36 ஆயிரம். முதல் மாதத் தவணையில் வட்டி 14,900, இப்போது 8,000. வட்டி குறைந்ததற்குக் காரணம் அதை முன்பே கட்டிவிட்டது இல்லை, பாக்கி 12 லட்சமாகக் குறைந்ததுதான். அன்றும் 100 ரூபாய் பாக்கிக்கு ஆண்டுக்கு 8 ரூபாய், இன்றும் அதே 8 ரூபாய். இன்று ஒரு லட்சம் அடைத்தால் இந்த ஆண்டு 8,000 ரூபாய் வட்டி மிச்சம். கடனின் முதல் ஆண்டில் அடைத்திருந்தாலும் அந்த ஆண்டு மிச்சம் அதே 8,000 தான். நம் மனிதர் இந்த 7 ஆண்டையும் தவணையிலேயே ஓட்டினால் இன்னும் கட்டப்போகும் வட்டி 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல்.

வட்டி விகிதத்துக்கு வருவோம். ஒப்பிடும்போது நிச்சயமான வட்டியை நிச்சயமான வருமானத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். மியூச்சுவல் ஃபண்டில் 12 சதவீதம் கிடைக்குமே என்று ஒருவர் சொல்வார். கிடைக்கலாம். 2008-இல் சென்செக்ஸ் ஒரே ஆண்டில் பாதிக்கும் மேல் இறங்கியது. சம்பளக்காரர் அப்படிப்பட்ட ஆண்டில் காத்திருக்க முடியும். தவணை கட்ட வேண்டிய ஓய்வுபெற்றவர் அந்த விலையிலேயே யூனிட்டுகளை விற்றாக வேண்டும், விற்றது திரும்ப ஏறாது. எனவே கடன் பாக்கி உள்ளவரை அந்தப் பேச்சைத் தள்ளி வையுங்கள்.

வரியும் ஒரு சொல். 2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி, புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. நம் கோவைக்காரருக்கு வரியே வராது, 8.2 முழுதாக நிற்கும். பெரிய பென்ஷன் வாங்கி 20 சதவீத வரி கட்டுபவருக்கு அதே 8.2, வரி போக ஆறரைதான். அவருக்கு 8 சதவீதக் கடனை அடைப்பது தெளிவான லாபம். வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை இருக்கிறது என்பதற்காகக் கடனை வைத்திருப்பவர்களும் உண்டு. தான் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான். வரியே கட்டாதவருக்குச் சலுகையால் ஒரு ரூபாயும் மிஞ்சாது.

இன்னொன்று. டெபாசிட் வட்டி ஐந்தாண்டுக்கு நிலையானது, உங்கள் கடன் வட்டி மாறக்கூடியது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது, 2025-இல் படிப்படியாக 5.25-க்கு இறங்கியது. அந்த இறக்கம் ரெப்போவோடு இணைந்த கடன்களுக்குத்தான் சீக்கிரம் வந்து சேரும். பழைய முறைக் கடனில் 9.5 கட்டிக்கொண்டிருப்பவர், அடைக்கும் முடிவுக்கு முன் வங்கிக்குப் போய் ரெப்போ இணைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். சிறு கட்டணத்தில் மாற்றித் தருவார்கள். வட்டி குறைந்த பிறகு கணக்கே வேறாகத் தெரியும்.

முழுதும் அடைக்க முடியாதவர் பகுதி அடைக்கலாம், அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 12 லட்சத்தில் 6 லட்சம் கட்டுகிறீர்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பல வங்கிகளின் கணினி தவணையை 18,700-ஆகவே வைத்துக்கொண்டு காலத்தைக் குறைத்துவிடும். சம்பளக்காரருக்கு அது நல்லது. உங்களுக்கு வேண்டியது மாதச் சுமை குறைவது. "காலம் அப்படியே இருக்கட்டும், தவணையைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். தவணை 9,350 ஆகிவிடும். அடுத்த மாதப் பாஸ்புக்கில் பிடித்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். உங்களுடையது ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் என்றால் இன்னும் வசதி: கணக்கில் போட்ட பணத்துக்கு வட்டி ஓடாது, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளவும் முடியும்.

மத்திய அரசுப் பணியில், ரயில்வேயில், அஞ்சல் துறையில் இருந்து பழைய பென்ஷனோடு வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. பென்ஷனில் 40 சதவீதம் வரை கம்யூட்டேஷன் செய்து மொத்தமாக வாங்கி வீட்டுக்கடனை அடைக்கலாமா என்று கேட்கிறீர்கள். அடிப்படைப் பென்ஷன் 30,000 என்றால் 12,000-ஐ விட்டுக்கொடுக்கலாம். 60 வயதில் ஓய்வுபெறுபவருக்கு அட்டவணைக் காரணி 8.194, கையில் வருவது 11 லட்சத்து 80 ஆயிரம். நம் வீட்டுக்கடனை ஏறக்குறைய முழுதும் தீர்க்கும் தொகை. ஆனால் 15 ஆண்டு முடிந்து பென்ஷன் முழுதாகத் திரும்பும்வரை நீங்கள் விட்டுக்கொடுப்பது மொத்தம் 21 லட்சத்து 60 ஆயிரம். வட்டியாக மாற்றிப் பார்த்தால் இது ஆண்டுக்கு 9 சதவீதக் கடனுக்குச் சமம். 8 சதவீதக் கடனை அடைக்க 9 சதவீதத்தில் வாங்குவது கணக்குப்படி நஷ்டம். 14 சதவீதக் கடனை அடைக்க வாங்குவது லாபம். கணக்குக்கு வெளியே ஒன்று உண்டு: ஓய்வூதியர் இடையில் காலமானால் கம்யூட்டேஷன் பிடித்தம் அத்தோடு முடியும், குடும்ப ஓய்வூதியம் குறையாது. வீட்டுக்கடன் அப்படி முடியாது, வாரிசுகளைத் தொடரும். அதனால் உடல்நலம் மோசமாக உள்ளவருக்கு நான் கம்யூட்டேஷனையே சொல்வேன். நல்ல உடல்நலத்தோடு, அகவிலை நிவாரணத்தோடு சேர்ந்து வரும் பென்ஷனிலேயே 18,700 கட்ட முடிபவர், வீட்டுக்கடனுக்காக மட்டும் பென்ஷனை வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

58 வயதில் வருபவர்களுக்கு ஒரு தேதி முக்கியம். 60 ஆகாதவர், பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மூத்த குடிமக்கள் கணக்கைத் தொடங்க வேண்டும், போடும் தொகையும் அந்த ஓய்வுப் பணத்துக்கு மிஞ்சக் கூடாது. கடனை அடைப்பதா என்று ஆறு மாதம் யோசித்தால் அந்த வாய்ப்பு 60 வயதுவரை மூடிக்கொள்ளும்.

அடைக்க முடிவெடுத்தவர்களுக்குக் கடைசியாக. பணம் கட்டிய ரசீதோடு வேலை முடிவதில்லை. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. பத்திரங்களை வாங்கும்போது ஒவ்வொரு தாளையும் பழைய பட்டியலோடு சரிபாருங்கள். நம் ஊரில் பத்திரம் ஒப்படைத்து வாங்கிய அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். வங்கி அதிகாரியைக் கொண்டு ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் அந்தப் பதிவு தீரும். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து, அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏறாவிட்டால் கடன் தீர்ந்த வீட்டையும் உங்கள் பிள்ளைகளால் விற்க முடியாது.